அவர் ‘கறுப்பு நாயே’ என்று பாடவில்லை: ராப் வரிகளைத் தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் நண்பர்களே,

அமெரிக்க ராப் பாடல்களுக்குத் தமிழில் வரி போடுகிறவர்களுக்கும், ‘இந்தப் பாட்டுல என்னதான் சொல்றாங்க’ என்று விளக்க வீடியோ செய்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். உங்களில் பெரும்பாலோர் காசுக்காக இதைச் செய்யவில்லை என்று தெரியும். நான் பதினைந்து வருஷமாக இந்த இசையைக் கேட்டு வருகிறேன், தொடக்கத்தில் எனக்கு வழிகாட்டியதும் உங்களைப் போன்ற யாரோ எழுதிப் போட்ட வரிகள்தான். அந்த நன்றியோடுதான் இந்தச் சண்டையையும் போடுகிறேன்.

போன மாதம் என் அக்கா மகன் (கல்லூரியில் இரண்டாம் வருஷம்) ஒரு கென்ட்ரிக் லமார் பாட்டைத் தமிழ் வரிகளோடு பார்த்துக்கொண்டிருந்தான். பாதியில் நிறுத்திவிட்டு, “மாமா, இவரும் கறுப்பினத்தவர்தானே, ஏன் தன் ஆட்களையே கறுப்பு நாயேன்னு திட்டிக்கிட்டே இருக்காரு?” என்று கேட்டான். வாங்கிப் பார்த்தேன். அந்தச் சொல் வந்த ஒவ்வொரு இடத்திலும் ‘கறுப்பு நாயே’, ‘கறுப்பு நாய்கள்’ என்றே போட்டிருந்தது. நண்பனை வாஞ்சையாகக் கூப்பிடும் இடத்திலும் அதேதான், தன்னைப் பற்றியே பாடகர் பேசும் இடத்திலும் அதேதான். அந்தப் பையன் கேட்டது நியாயமான கேள்வி. அப்படி ஒரு பாட்டே கிடையாது, அதை உண்டாக்கியது தமிழ் வரி.

ஆங்கிலத்தில் ‘என்-வேர்ட்’ என்று மறைத்துச் சொல்வார்களே, அதுதான் என்று உங்களுக்குத் தெரியும், அதனால் இங்கே முழுதாக எழுதாமல் ‘அந்தச் சொல்’ என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். லத்தீனில் கறுப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஸ்பானிய, போர்த்துகீசிய வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, அடிமைச் சந்தையிலும் பருத்திக் காட்டிலும் மனிதரைப் பொருளாக்கிக் கூப்பிடும் வசையாக ஆனது அது. எழுதினால் கடைசியில் ஒரு ‘ர்’ இருக்கும். ஆனால் அமெரிக்கக் கறுப்பினத்தவர் பேசும் ஆங்கிலத்தில் உயிரொலிக்குப் பின்னால் வரும் ‘ர்’ பெரும்பாலும் ஒலிக்காமல் தேய்ந்துவிடும், எந்தச் சொல்லானாலும் சரி. அப்படித் தேய்ந்து ‘ஆ’ என்று முடியும் வடிவம் அவர்களுக்குள்ளே புழங்கிப் புழங்கி, காலப்போக்கில் தனிச் சொல்லாகவே பிரிந்துவிட்டது. ராப் பாடல்களில் நீங்கள் கேட்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வடிவத்தைத்தான். நீங்கள் வரி எழுதும்போது அகராதியில் பார்ப்பதோ முதல் வடிவத்தை. அங்கேதான் கோணல் ஆரம்பிக்கிறது.

இந்த ‘ஆ’ வடிவம் பாட்டுக்குள் குறைந்தது மூன்று வேலை செய்கிறது. ஒன்று விளி, நண்பனைக் கூப்பிடுவது. அதற்கு நம்மிடம் மச்சான், மாப்ள, பங்காளி என்று எத்தனையோ இருக்கின்றன, பாதி நேரம் வெறும் ‘டா’ போதும். இரண்டாவது, ‘ஆள்’ என்ற பொருளில் பொதுவாகச் சொல்வது. ‘அந்தத் தெருவுல இருக்கிற ஆளுங்க’, ‘எவனோ ஒருத்தன்’, ‘நம்ம பசங்க’ என்று நாம் சொல்வோமே, அவ்வளவுதான். மூன்றாவதைத்தான் கிட்டத்தட்ட எல்லோரும் தவறவிடுகிறீர்கள், தன்னைத்தானே குறிப்பது. அதற்கு முன்னால் ஆங்கிலத்தின் ‘ஒரு’வைச் சேர்த்து, ‘நான்’ என்ற இடத்தில் வைத்துப் பேசுவார்கள். ஏறக்குறைய பிரதிப்பெயர் போலவே இது இயங்குகிறது என்று மொழியியலாளர்கள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். இது நமக்குப் புரியாத விஷயமே இல்லை. “காலையிலேருந்து மனுசன் ஒரு வாய் சாப்பிடல” என்று உங்கள் அப்பா சொன்னால் அந்த மனுசன் யார்? அவரேதான். அந்த இடத்தில் ‘மனுசன்’ என்று போட்டுப் பாருங்கள், வரி உயிரோடு எழுந்து நிற்கும். ‘ஒரு கறுப்பு நாய்க்குப் பசிக்கிறது’ என்று போட்டால் பசியும் போய்விடும், பாடியவனும் போய்விடுவான்.

அப்படியென்றால் எல்லா இடத்திலும் மச்சான் என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடலாமா? கூடாது. இது எதிர்ப்பக்கத்துத் தவறு, அண்மையில் வந்த சில வரிகளில் இதையும் பார்க்கிறேன். ராப்பில் கதை சொல்லும் பாடல்கள் நிறைய உண்டு. அதில் ஒரு போலீஸ்காரரோ ஒரு வெள்ளைக்கார முதலாளியோ பேசுவதுபோல் பாடகர் குரலை மாற்றுவார், அப்போது அந்தச் சொல் ‘ர்’ரோடு அழுத்தமாக வந்து விழும். அது வசையேதான், அங்கே மச்சான் போட்டால் அந்தக் காட்சியே செத்துவிடும். சில சமயம் ஒரே பாட்டில் இரண்டு வடிவமும் அடுத்தடுத்து வரும், அந்த உரசலுக்காகவே எழுதப்பட்டிருக்கும். எப்படிக் கண்டுபிடிப்பது? யார் வாயிலிருந்து, யாரை நோக்கி என்று முதலில் பாருங்கள். அடுத்து, முன்னால் ‘என்’, ‘நம்ம’ போன்ற உரிமைச் சொல் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் பெரும்பாலும் அது உறவுச் சொல். அப்புறம் கடைசி ஒலியைக் காதால் கேளுங்கள். இணையத்தில் கிடைக்கும் எழுத்து வரியை இதற்கு நம்பாதீர்கள், அங்கே பலர் இரண்டையும் ஒரே எழுத்தில் தட்டிவிடுகிறார்கள்.

விளக்க வீடியோக்களில் அடிக்கடி வரும் இன்னொரு வாக்கியம்: “அவங்களுக்குள்ள இது சாதாரணம்.” சாதாரணம் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேலாக அவர்களுக்குள்ளேயே தீராத வழக்கு இது. 1993இல் ஏ டிரைப் கால்டு குவெஸ்ட் என்ற ராப் குழு ‘மிட்நைட் மராடர்ஸ்’ ஆல்பத்தில் இந்தச் சொல்லைத் தலைப்பிலேயே வைத்து ஒரு பாட்டுப் போட்டது. தெற்கு மாநிலங்களில் இழிவாகச் சொல்லப்பட்ட இதை இளைஞர்கள் எடுத்து அணைத்துக்கொண்டுவிட்டார்கள், சமூகத்தில் வேறு சிலருக்கோ இது பிடிப்பதில்லை என்று அந்தக் குழுவின் பாடகர் கியூ-டிப் அதில் விளக்குகிறார், கூடவே தன் தயக்கத்தையும் மறைக்காமல் சொல்கிறார். சொல்லைப் பயன்படுத்திக்கொண்டே அதன்மேல் சந்தேகப்படும் பாட்டு அது. 2007இல் கறுப்பினத்தவர் உரிமைக்காக ஏறக்குறைய நூறாண்டு போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பு டெட்ராய்ட் நகரில் இந்தச் சொல்லுக்குச் சவ ஊர்வலமே நடத்தியது, குதிரைகள் இழுத்த வண்டியில் சவப்பெட்டி வைத்து. அடுத்த வருஷமே நாஸ் இதே சொல்லைத் தன் ஆல்பத்துக்குப் பெயராக வைக்கப் போவதாக இருந்து, எதிர்ப்பு கிளம்பியதால் பெயர் இல்லாமலேயே வெளியிட்டார். ஒரு வசையை மீட்டெடுப்பது என்றால் அதிலிருந்த விஷம் இறங்கிவிட்டது என்று பொருள் இல்லை, விஷத்தைத் தெரிந்தே கையில் பிடித்திருக்கிறார்கள். அதைப் பிடிக்கவே வேண்டாம் என்று சொல்லும் அம்மாவும் பாட்டியும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள்.

அதனால்தான் யார் சொல்கிறார்கள் என்பது இவ்வளவு முக்கியமாகிறது. 2018 மே மாதம் அலபாமாவில் ஒரு இசை விழாவில் கென்ட்ரிக் லமார் ஒரு வெள்ளைக்கார ரசிகையை மேடைக்கு அழைத்துத் தன் பாட்டைப் பாடச் சொன்னார். அந்தப் பெண் அந்தச் சொல்லையும் சேர்த்தே பாடினார். கென்ட்ரிக் பாட்டை நிறுத்தி, அந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவிடச் சொன்னார். ‘அவரே எழுதிய வரி, அவரே கூப்பிட்டார், அப்புறம் என்ன?’ என்று நம் ஊரில் பலர் கேட்டார்கள். வரியைப் பாடச் சொன்னதும் சொல்லை விடச் சொன்னதும் முரண் இல்லை. உங்கள் அம்மா உங்களைச் செல்லமாக ‘சனியனே’ என்பாள், தெருவில் போகிற ஆள் அதையே சொன்னால் சட்டையைப் பிடிப்பீர்கள். இந்தச் சொல்லுக்குப் பின்னால் கொலைகளும் இருப்பதால் தூரம் இன்னும் அதிகம், அவ்வளவுதான்.

இதே கென்ட்ரிக் 2015இல் ‘டு பிம்ப் எ பட்டர்ஃபிளை’ ஆல்பத்தில் ஒரு பாட்டின் முடிவில், கூட்டத்தில் சண்டை மூண்டு இசை நிற்பதுபோல் அமைத்து, எத்தியோப்பிய மொழியில் அரசனைக் குறிக்கும் ‘நெகுஸ்’ என்ற சொல்லை எழுத்துக் கூட்டிச் சொல்லி, வரலாற்றுப் புத்தகங்கள் மறைத்த சொல் இது, நாம்தான் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறோம் என்கிறார். நான் பார்த்த ஒரு தமிழ் விளக்கத்தில் ‘அந்தச் சொல்லின் உண்மையான மூலம் இதுதான்’ என்று சொல்லியிருந்தார்கள். இல்லை, சொல்லின் வரலாறு லத்தீன் வழிதான். கென்ட்ரிக் செய்வது சொல்லாராய்ச்சி இல்லை, ஒலி ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு ஒரு கவிஞன் செய்யும் உரிமைக் கோரிக்கை. இரண்டையும் பிரித்துச் சொன்னால்தான் அவர் செய்ததன் அழகு தெரியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ‘நம்ம ஊர் ஃபீல் வரணும்’ என்று அந்தச் சொல்லின் இடத்தில் சாதிப் பெயரையோ சாதி வசையையோ போடாதீர்கள். இரண்டு இடங்களில் பார்த்தேன். விலக்கப்பட்டவன் என்ற பொருளில் ஆங்கிலம் வைத்திருக்கும் ‘பறையா’ என்ற சொல் நம் மக்களில் ஒரு பகுதியினரின் பெயரிலிருந்து எடுக்கப்பட்டது, அது போதாதா? சாவுக்கு மட்டும் உரியது என்று ஒதுக்கப்பட்ட பறையை இன்று இளைஞர்கள் மேடையில் தலைநிமிர்ந்து அடிக்கிறார்கள். அந்த மீட்பு அவர்கள் செய்தது, அவர்களுக்கு உரியது. அந்தப் பெயர்களை எடுத்து வேறொரு நாட்டுப் பாட்டுக்கு மசாலாவாகத் தூவ உங்களுக்கோ எனக்கோ உரிமை இல்லை.

‘தக்’ என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நம் இணையத்தில் ‘தக் லைஃப்’ என்றால் சுடச்சுடப் பதில் கொடுத்துக் கறுப்புக் கண்ணாடி மாட்டுவது. அது இந்தியில் ஏமாற்றுக்காரனைக் குறிக்கும் சொல், வெள்ளைக்காரர்கள் வழிப்பறிக் கூட்டங்களைப் பற்றி எழுதி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார்கள். அமெரிக்காவில் அது கறுப்பின இளைஞர்மேல் ஒட்டும் முத்திரையாக மாறியது. 2014இல் ரிச்சர்ட் ஷெர்மன் என்ற அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர், அவரும் கறுப்பினத்தவர்தான், அந்தச் சொல்லை நேரடியாகச் சொல்ல முடியாதவர்கள் இப்போது ‘தக்’ என்று சொல்கிறார்கள் என்று வெளிப்படையாகவே பேசினார். டூபாக் அதற்கு முன்பே இந்த முத்திரையைத் தன் வயிற்றில் பச்சை குத்திக்கொண்டு, அதன் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொல் வைத்து விரித்திருந்தார்: சின்னக் குழந்தைகளுக்கு நீங்கள் ஊட்டும் வெறுப்பு கடைசியில் எல்லோரையும் சீரழிக்கும், கிட்டத்தட்ட இதுதான் பொருள். அவருடைய பாட்டில் இது வரும்போது ‘ரவுடி வாழ்க்கை’ என்று எழுதினால் பாதிதான் வந்திருக்கிறது.

சரி, சிலேடைக்கு வருவோம். இதை நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதே இல்லை. பள்ளியில் காளமேகத்தின் பாம்பு-எள் வெண்பாவைப் படித்திருப்பீர்கள். அதில் ‘பிண்ணாக்கு’ என்று ஒரு சொல் வரும், எள்ளுக்கு அது செக்கில் மிஞ்சும் பிண்ணாக்கு, பாம்புக்குப் பிளவுபட்ட நாக்கு. சொல்லைப் பிரிக்காமலே இரு பொருள் தந்தால் செம்மொழிச் சிலேடை, பிரித்துப் பார்க்கும்போது தந்தால் பிரிமொழிச் சிலேடை என்று நம் அணியிலக்கணம் வகுத்தே வைத்திருக்கிறது. ராப் சிலேடையில் பெரும்பகுதி இந்தப் பிரிமொழி வகைதான். ‘நான் தொழிலதிபர் இல்லை, நானே ஒரு தொழில்’ என்ற பொருளில் ஜே-ஸி 2005இல் ஒரு வரி பாடினார். ஆங்கிலத்தில் ‘பிஸினஸ்மேன்’ என்று ஒரு முறை சேர்த்தும், ‘பிஸினஸ், மேன்’ என்று மறுமுறை விட்டும் சொல்வார், கடைசி ‘மேன்’ அங்கே நம் ‘டா’ போல விளியாகிவிடும். எழுத்து ஒன்றே, மூச்சு விடும் இடம் மட்டும் வேறு. காதால் கேட்காமல் வரியை மட்டும் படித்து மொழிபெயர்த்தால் ஒரே வாக்கியத்தை இரண்டு தடவை சொன்னதுபோல் வரும், அப்படித்தான் வந்தும் இருக்கிறது.

என் அக்கா மகன் பார்த்த பாட்டு 2024 மே 4 அன்று வெளிவந்த ‘நாட் லைக் அஸ்’. கென்ட்ரிக்குக்கும் டிரேக்குக்கும் நடந்த ராப் சண்டையின் உச்சம். அதில் ஒரு வரி முடியும் இடம் ‘ஏ மைனர்’. முழு வரியையும் தமிழாக்கினால், ‘ஒரு கார்டைத் தட்டப் பார்க்கிறாய், அது அநேகமாக ஏ மைனராகத்தான் இருக்கும்’ என்று வரும். அந்தத் தமிழ் வரியில் ‘மைனரைத் தொட முயல்கிறாய்’ என்று போட்டிருந்தார்கள், மருமகனுக்கு நினைவு வந்ததெல்லாம் கழுத்தில் தங்கச் சங்கிலி போட்ட கிராமத்து மைனர்தான்.

பிரித்துப் பாருங்கள். ‘கார்டு’ என்பது பல சுரங்களை ஒன்றாக ஒலிக்கும் அடுக்கு. ஆங்கிலத்தில் ‘கார்டைத் தட்டுவது’ என்றால் வாத்தியத்தில் அதை வாசிப்பது, அதுவே மனத்தைத் தொடுவதற்கான வழக்குத் தொடரும்கூட. ரசிகர் மனத்தைத் தொட நினைக்கிறாய் என்பது இந்த முதல் பொருள். ஏ மைனர் என்பது ஏ, சி, ஈ மூன்று சுரமும் சேர்ந்த அடுக்கு. கீபோர்டில் வெள்ளைக் கட்டைகளை மட்டும் தொட்டாலே வந்துவிடும், கேட்கச் சோகமாக இருக்கும். இது இரண்டாவது. மூன்றாவதுதான் கத்தி: ‘ஏ’ என்ற சுரப்பெயரை ‘ஒரு’ என்ற ஆங்கிலச் சொல்லாகப் பிரித்துக் கேட்டால் ‘ஒரு மைனர்’, வயது வராத பிள்ளை. இசைச் சொல்லைப் போர்வையாகப் போட்டுக் கடுமையான பழியைச் சொல்கிறார், அந்த ‘மைனர்’ என்ற சொல்லை இழுத்து நீட்டிப் பாடுவதே ‘இன்னொரு தரம் கேள்’ என்பதற்காகத்தான்.

தமிழில் இதற்கு ஒரு வசதியும் ஒரு வில்லங்கமும் உண்டு. வசதி, செய்தித்தாள் வழியாக ‘மைனர் பெண்’ என்ற சொல் நமக்கு ஏற்கெனவே தெரியும். வில்லங்கம், உல்லாசப் பேர்வழி என்ற பொருளில் நம் ‘மைனர்’ அதைவிட வலுவாக இருக்கிறது, தனியாக விட்டால் அதுதான் முந்திக்கொள்ளும். அதனால் நான் போட்டால் இப்படிப் போடுவேன்: ‘எந்தச் சுரத்தைத் தொட்டாலும் உனக்கு மைனர்தான், பதினெட்டு ஆகாத மைனர்’. அழகு கொஞ்சம் குறையும், ஆனால் கத்தி எங்கே இருக்கிறது என்று தெரியும். மீதியை வீடியோவுக்குக் கீழே நாலு வரியில் எழுதிவிடுங்கள். இரண்டு நொடி மட்டும் திரையில் நிற்கும் வரிக்குள் மூன்று பொருளையும் திணிக்க வேண்டியதில்லை.

அந்தக் குறிப்பில் இன்னொன்றும் கட்டாயம் வேண்டும். இது சண்டைப் பாட்டு, வசைகவி. டிரேக் அந்தப் பழியை மறுத்தார். 2025 ஜனவரியில் பாட்டை வெளியிட்ட யுனிவர்சல் இசை நிறுவனத்தின்மேல், அது தன் பாடல்களையும் வெளியிடும் நிறுவனம்தான், அவதூறு வழக்குத் தொடுத்தார். அக்டோபரில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. காரசாரமான ராப் சண்டைக்கு நடுவே வரும் இந்த வரிகளை, விவரம் தெரிந்த ஒருவர் நிரூபிக்கப்பட்ட தகவலாக எடுத்துக்கொள்ள மாட்டார், கருத்தாகத்தான் கேட்பார் என்பது தீர்ப்பின் சாரம். டிரேக் தரப்பு மேல்முறையீட்டுக்குப் போனது. ஆனால் நம் விளக்க வீடியோக்களில் ‘டிரேக் செய்த குற்றத்தை கென்ட்ரிக் அம்பலப்படுத்தினார்’ என்று செய்தி வாசிப்பதுபோல் சொல்கிறார்கள். பாட்டில் சிலேடையாக இருந்ததை உரைநடையில் உண்மையாக ஆக்கிவிடுகிறீர்கள். அது மொழிபெயர்ப்பு இல்லை, நீங்களே புதிதாகச் சுமத்தும் பழி.

சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும் இந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நியூ ஜெர்சியில் நடந்த ஒரு வழக்கைப் பாருங்கள். வான்டே ஸ்கின்னர் என்பவர்மேல் கொலை முயற்சி வழக்கு. அவர் எழுதி வைத்திருந்த ராப் வரிகளில் 13 பக்கத்தை ஜூரிகளுக்கு வாசித்துக் காட்டினார்கள். பல வரிகள் அந்தச் சம்பவத்துக்குச் சில வருஷங்கள் முன்பே எழுதப்பட்டவை, சம்பவத்தைப் பற்றியவையே அல்ல. தண்டனை கிடைத்தது. 2014இல் மாநில உச்ச நீதிமன்றம் வரிகளைச் சாட்சியமாக்கியது தவறு என்று சொல்லி மறுவிசாரணைக்கு வழிவிட்டது. ஷெரீஃபைச் சுட்டேன் என்று பாப் மார்லி பாடியதால் அவர் ஷெரீஃபைச் சுட்டார் என்று யாரும் நினைப்பதில்லை என்று அந்தத் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். ‘நான்’ என்று பாடுபவர் அந்த நான்தானா என்ற கேள்வி, கூத்தும் தெருப்பாட்டும் கேட்டு வளர்ந்த நமக்குப் புதிதா என்ன?

அதனால் என் கோரிக்கை இதுதான். ஒரு பாட்டை எடுத்தால், அந்தச் சொல் வரும் இடங்களை மட்டும் முதலில் தனியாகக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் யார்-யாருக்கு என்று ஓரத்தில் எழுதிவிட்டு, அப்புறம் வரி போடுங்கள். எனக்கு ஒரு பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் கூடுதலாக ஆகிறது. எந்த இடத்தில் முடியவில்லையோ அங்கே ஏதோ ஒன்றைப் போட்டு நிரப்பாமல், அந்தச் சொல்லை முதல் எழுத்தோடு விட்டுவிட்டுக் கீழே குறிப்பு எழுதுங்கள். சிலேடை பிடிபடாத இடத்தில் ‘இங்கே ஒரு சிலேடை இருக்கிறது’ என்று சொன்னாலே போதும், கேட்கிறவர்கள் தேடிக்கொள்வார்கள். ஏற்கெனவே போட்ட வீடியோக்களில் ‘கறுப்பு நாய்’ இருந்தால் தயவுசெய்து இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.

அக்கா மகன் அன்று ராத்திரியே பழைய கீபோர்டைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து, ஏ, சி, ஈ மூன்றையும் ஒன்றாக அழுத்திப் பார்த்தான். அப்புறம் அந்த வரியைத் திரும்பப் போட்டான், இந்தத் தடவை தமிழ் வரிகளை அணைத்துவிட்டு.

அன்புடன்,
உங்கள் வரிகளைப் படித்து வளர்ந்த ஒரு ரசிகன்